தூங்காமல் இருக்கப் பாருங்கள்: முரண் நோக்க முறை ஒரு எளிய அறிமுகம்

ராத்திரி ஒன்றே முக்கால். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இனி மணி பார்க்கவே கூடாது என்று எடுத்த முடிவை மூன்றாவது தடவையாக மீறி மணி பார்க்கிறீர்கள், பார்த்த மறுநொடியே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது: ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும், இப்போதே தூங்கினால்கூட நாலேகால் மணி நேரம்தான் மிச்சம். சரி, இனி யோசிக்கக் கூடாது, தூங்கியே ஆக வேண்டும். கண்ணை இறுக மூடுகிறீர்கள், தலையணையைத் திருப்பிப் போடுகிறீர்கள், மூச்சை மெதுவாக்கிப் பார்க்கிறீர்கள், கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ஒரு குரல் கேட்கிறது: "தூக்கம் வருதா?" அவ்வளவுதான், வந்துகொண்டிருந்ததும் போய்விட்டது.

இந்த நிலைமைக்கென்றே ஒரு முறை இருக்கிறது. ஆங்கிலத்தில் பாரடாக்ஸிகல் இன்டென்ஷன் என்பார்கள், தமிழில் முரண் நோக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். படுக்கையில் படுத்துக்கொண்டு தூங்க முயல்வதை அடியோடு விட்டுவிட்டு, விழித்திருக்கவே நினைப்பது. கேட்டதும் விளையாட்டு மாதிரி தோன்றும். ஏன் வேலை செய்கிறது என்று புரிந்தால்தான் சரியாகச் செய்ய முடியும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் பேசும் தமிழிலேயே இதற்கு விடை பாதி இருக்கிறது. "எனக்குத் தூக்கம் வருகிறது" என்றுதான் சொல்கிறோம். பசி வருகிறது, விக்கல் வருகிறது, தும்மல் வருகிறது, அதே வரிசையில் தூக்கமும் வருகிறது. வருவது அது, நாம் வெறுமனே இடம் கொடுக்கிறோம். எவ்வளவு நேரம் விழித்திருந்தோம் என்பதைப் பொறுத்து மூளையில் தூக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, உடம்புக்குள் இருக்கும் ஒரு கடிகாரம் எப்போது தூங்கலாம் என்று நேரம் குறிக்கிறது, இரண்டும் சேர்ந்தால் தூக்கம். இந்த இரண்டில் எதுவும் நம் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை. நாம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: வரும் வழியில் குறுக்கே நிற்பது.

எப்படிக் குறுக்கே நிற்கிறோம்? ஒரு விஷயத்துக்காக முயற்சி செய்யும்போது, அது நடக்கிறதா என்று இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சமைக்கும்போது வெந்துவிட்டதா என்று பார்ப்பது உதவிதான். ஆனால் தூங்கிவிட்டோமா என்று பார்க்க ஒருவர் விழித்திருந்தாக வேண்டும் அல்லவா? அந்தக் கண்காணிப்பே விழிப்பு. அதற்கு மேல், "இன்னும் வரவில்லையே" என்ற ஒவ்வொரு சோதனை முடிவும் சின்னதாக ஒரு பயத்தைக் கிளப்பும், இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், தோளும் தாடையும் இறுகும், உடம்பு ஏதோ ஆபத்து என்று விழித்துக்கொள்ளும். மேடையில் பேசப் போகிறவருக்கு வரும் பதற்றம் இதேதான், இங்கே மேடை படுக்கை. தூக்கத்தை ஆராய்பவர்கள் இதைத் தூக்கச் செயல்பாட்டுப் பதற்றம் என்கிறார்கள், எனக்குப் பரீட்சை பயம் என்று சொன்னால்தான் சட்டென்று புரிகிறது. தினமும் ராத்திரி ஒரு பரீட்சை, எழுதுவதும் நாமே, பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பதும் நாமே.

1996இல் ஆன்ஸ்ஃபீல்ட், வெக்னர், பௌசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கும் பழக்கமுள்ளவர்களையே எடுத்துக்கொண்டு, சிலரிடம் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தூங்குங்கள் என்றும், மற்றவர்களிடம் எப்போது தோன்றுகிறதோ அப்போது தூங்குங்கள் என்றும் சொன்னார்கள். பாதிப் பேருக்கு இதமான இசை, பாதிப் பேருக்கு ராணுவ அணிவகுப்பு இசை. இதமான இசை கேட்டவர்களில், சீக்கிரம் தூங்கச் சொல்லப்பட்டவர்கள் உண்மையிலேயே சீக்கிரம் தூங்கினார்கள். அணிவகுப்பு இசையும் ஓடி, சீக்கிரம் தூங்கு என்ற கட்டளையும் இருந்தவர்களுக்குத்தான் எல்லோரையும்விட அதிக நேரம் பிடித்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, முயற்சி எப்போதுமே கெடுதல் செய்வதில்லை என்பது. மனசு லேசாக இருக்கும் நாளில் "சரி தூங்கலாம்" என்று நினைத்துப் படுத்தால் ஒன்றும் ஆகாது. மனசில் ஏற்கெனவே ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும் நாளில்தான் அதே முயற்சி எதிராகத் திரும்புகிறது, நாம் மிகக் கடுமையாக முயல்வதும் அந்த மாதிரி நாள்களில்தான்.

நன்றாகத் தூங்கும் ஒருவரிடம் "எப்படித் தூங்குகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். படுப்பேன், தூங்கிவிடுவேன் என்பார், அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. தூக்கம் வராதவரிடம் கேட்டால் ஒரு பட்டியலே வரும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தூக்கமின்மையை ஆராய்ந்த காலின் எஸ்பியும் அவர் குழுவும் 2006இல் இதை மூன்று படியாக விளக்கினார்கள்: முதலில் கவனம் தூக்கத்தின் மேல் போகிறது, அடுத்து தூங்கியாக வேண்டும் என்ற நோக்கம் வருகிறது, கடைசியில் முயற்சி. தானாக நடந்துகொண்டிருந்த ஒன்று இந்த மூன்று படியில் கைவேலையாக மாறிவிடுகிறது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு காலையும் எங்கே வைக்கிறோம் என்று யோசித்தால் தடுக்குமே, அது மாதிரி.

உங்களுக்கு இருப்பது இந்த வகைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சோபாவில் டிவி முன்னால் கண் சொக்கி, எழுந்து போய்ப் படுக்கையில் விழுந்ததும் முழு விழிப்பு வருகிறதா? சாயங்காலமே இன்றைக்கு ராத்திரி எப்படிப் போகுமோ என்ற கவலை தலைகாட்டுகிறதா? தூக்கம் வராதோ என்று பயந்து படுக்கப் போவதைத் தள்ளிப்போடுகிறீர்களா? தூக்கத்தை என் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடிய வேண்டும், எல்லோருக்கும் முடிகிறது, எனக்குத்தான் தூங்கத் தெரியவில்லை என்று தோன்றுகிறதா? பெரும்பாலும் ஆமாம் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தூக்க முயற்சியை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றும் கிளாஸ்கோவிலிருந்து வந்திருக்கிறது, அதில் இருக்கும் ஏழு கேள்விகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும்.

இந்த முறையைத் தொடங்கிவைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல். எதைக் கண்டு பயப்படுகிறீர்களோ அதையே வேண்டும் என்று நினையுங்கள், பயத்துக்குப் பிடிமானம் போய்விடும் என்பது அவர் கண்டது. 1970களின் கடைசியில் அமெரிக்காவில் ஆஷர் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைத் தூக்கமின்மைக்குக் கொண்டுவந்து சோதித்தார்கள். 1978இல் வந்த அவர்களுடைய முதல் அறிக்கை வெறும் ஐந்து பேரைப் பற்றியது, அந்த ஐந்து பேரும் வேறொரு பத்து வாரச் சிகிச்சையில் போதிய பலன் கிடைக்காதவர்கள்.

இப்போது செய்முறை. வழக்கமாகப் படுக்கும் நேரத்தில், கண் கனத்த பிறகு படுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். வசதியாகப் படுத்து, கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம், இமைக்கலாம், சும்மா இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். தூங்க வேண்டும் என்ற முயற்சியை விட்டுவிடுங்கள், இன்னும் விழித்திருக்கிறோமே என்ற கவலையையும் அதோடு விட்டுவிடுங்கள், இன்றைக்கு ராத்திரி உங்கள் வேலை விழித்துக்கொண்டு சும்மா படுத்திருப்பது மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் இமை தாழும். அப்போது மெதுவாக, அன்பாக உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்: "இன்னும் ரெண்டு நிமிஷம் முழிச்சிருப்போம், வரும்போது வரட்டும்." மறுபடி தாழ்ந்தால் மறுபடி அதே. மூன்றாவது நாலாவது தடவையில் இமை திறக்க மறுத்தால் விட்டுவிடுங்கள்.

விழித்திருப்பதற்காக எதுவும் செய்யக் கூடாது என்பது இதில் பாதி. போன், புத்தகம், பாட்டு, எழுந்து நடப்பது, கையைக் கிள்ளிக்கொள்வது, எதுவும் வேண்டாம். போனை எடுத்தால் நிஜமாகவே விழித்துவிடுவீர்கள், அது வேறு விஷயம். மணி தெரியாதபடி கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள், போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அலாரம் கேட்டால் போதும்.

ஒரு ஆளை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பலரிடம் காணும் விஷயங்களைச் சேர்த்து நானே அமைத்த உதாரணம் இது. நாற்பது வயதுப் பெண், கணக்குப் பிரிவில் வேலை. ஆண்டு முடிவு நெருக்கடியில் சில வாரம் தூக்கம் கெட்டது, அது யாருக்கும் கெடும். நெருக்கடி முடிந்து நாலு மாதம் ஆகியும் தூக்கம் மட்டும் திரும்பவில்லை. விட்ட தூக்கத்தைப் பிடிக்க ஒன்பதரைக்கே படுக்கிறார், பதினொன்றரை வரை புரள்கிறார், வாரத்தில் ஐந்து நாள் இப்படி. மாலை ஏழு மணிக்கே வயிற்றில் ஒரு பிசைவு. காபியை மதியத்தோடு நிறுத்தினார், ராத்திரி திரை பார்ப்பதை விட்டார், மூச்சுப் பயிற்சி, வெந்நீர்க் குளியல், எல்லாம் செய்தார். ஒவ்வொன்றும் நல்ல பழக்கம்தான், ஆனால் அவர் கையில் ஒவ்வொன்றும் தூக்கத்தை வரவழைக்கும் இன்னொரு முயற்சியாகிவிட்டது, இரண்டு நாள் பலித்தது, மூன்றாவது நாள் பலிக்காதபோது இதுவும் போச்சா என்ற பயம் கூடியது.

முதல் மாற்றம், ஒன்பதரைப் படுக்கை நின்றது, கண் கனக்கும்வரை, அதாவது ஏறக்குறைய பத்தே முக்கால்வரை, வெளியே இருந்தார். (இது முரண் நோக்கத்தில் சேராது, ஆனால் தூக்கமே இல்லாத நேரத்தில் படுத்துக்கொண்டு எந்த முறையைச் செய்தாலும் அதற்கு நியாயமான வாய்ப்புக் கிடைக்காது.) முதல் ராத்திரி கண்ணைத் திறந்து படுத்தார், ஜன்னல் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார், தூங்க எப்போதும் போல நேரமாகியது. ஆனால் ஒன்று கவனித்தார்: வழக்கமாகப் படுத்ததும் இறுகும் கைவிரல்கள் அன்று இறுகவில்லை. இரண்டாம் நாள் சட்டென்று தூங்கிவிட்டார், காலையில் ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் அந்தச் சந்தோஷமே கெடுத்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "நேற்று இதற்குள் தூங்கியிருந்தேனே" என்று காத்திருந்தார், நள்ளிரவு தாண்டியது.

இந்த மூன்றாம் நாள் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், முறை தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். விழித்திருக்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொண்டு, உள்ளே தூக்கத்துக்குப் பொறி வைத்துக் காத்திருப்பது. பழைய பரீட்சைதான், வேறு கேள்வித்தாள். இப்படி ஆகிவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: இமை தாழும்போது உள்ளே என்ன தோன்றுகிறது என்று பாருங்கள். "ஆ, வேலை செய்கிறது!" என்று துள்ளினால் இன்னும் தூக்கத்தைத் துரத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். "அட, இன்னும் கொஞ்சம் முழிச்சிருக்கலாமே" என்று லேசான ஏமாற்றம் தோன்றினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அதற்கு நிஜமாகவே விழித்திருப்பதற்குச் சம்மதிக்க வேண்டியிருக்கிறது. நாளைக்குக் களைப்பாக இருப்பேன், மதியம் கொட்டாவி வரும், வேலை கொஞ்சம் மந்தமாகப் போகும், ஆனாலும் நாள் ஓடிவிடும், இதற்கு முன்னும் ஓடியிருக்கிறது என்று, இருப்பதை இருக்கிறபடி ஒப்புக்கொள்வது. அந்தப் பெண் நாலாம் நாள் இதைத்தான் ஒரு காகிதத்தில் எழுதினார்: மோசமாகத் தூங்கிய நாள்களில் உண்மையில் என்ன நடந்தது? இரண்டு தடவை கூட்டுத்தொகையைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருந்தது, ஒருநாள் யாரிடமோ எரிந்து விழுந்தார். படுக்கையில் அவர் கற்பனை செய்த பெரிய விபரீதங்களில் ஒன்றும் அந்தக் காகிதத்தில் இல்லை.

அதற்கப்புறம் ராத்திரிகள் ஏற்ற இறக்கமாகத்தான் போயின. இரண்டு வார முடிவில் பெரும்பாலான நாள் அரை மணி நேரத்துக்குள் தூங்கிவிட்டார், அவ்வளவு நேரம் பிடிப்பது இயல்புதான், படுத்த மறுநிமிஷம் தூங்கிவிடுவதுதான் நல்ல தூக்கம் என்று நினைக்க வேண்டாம். அதைவிடப் பெரிய மாற்றம், மாலை ஏழு மணி வயிற்றுப் பிசைவு போய்விட்டிருந்தது.

அவருக்கு நடந்ததும் ஆய்வில் கண்டதும் ஒத்துப்போகிற இடம் இந்தப் பிசைவுதான். 2003இல் புரூம்ஃபீல்டும் எஸ்பியும் படுத்ததும் தூக்கம் வராத 34 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை 14 ராத்திரி இந்த முறையைச் செய்யவைத்தார்கள். அந்தப் பிரிவில் தூங்கும் முயற்சியும் தூக்கத்தைப் பற்றிய பதற்றமும் தெளிவாகக் குறைந்தன. சீக்கிரம் தூங்கியதாக உணரும் போக்கும் அவர்களிடம் தெரிந்தது. ஆனால் அசைவை அளக்கும் கருவியில் பார்த்தால் தூங்க எடுத்த நேரத்தில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு அப்போ பலன் இல்லையா என்று கேட்கலாம். தூக்கமின்மை உள்ளவர்கள் பதற்றத்தில், விழித்திருந்த நேரத்தை உள்ளதைவிட அதிகமாக மதிப்பிடுவது அடிக்கடி நடப்பது, பதற்றம் குறைந்தால் அந்த மதிப்பீடும் குறையும் என்று அந்த ஆய்வாளர்களே விளக்கம் சொன்னார்கள். என் கணக்கில் அதுவும் பெரிய நிவாரணம்தான், ராத்திரி நரகமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பதற்றம்தானே.

எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2021 வழிகாட்டுதல், முரண் நோக்கத்தைத் தனிச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய ஆதாரம் இல்லை என்று நிறுத்திக்கொண்டது. அது வலுவாகப் பரிந்துரைப்பது, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பல பகுதிகள் கொண்ட சிகிச்சையை. அதை அளிப்பவர்களில் சிலர், தூங்கும் முயற்சி அதிகமாக இருப்பவர்களுக்கு முரண் நோக்கத்தையும் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். வாரத்தில் குறைந்தது மூன்று நாள், குறைந்தது மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் அந்தச் சிகிச்சை தெரிந்தவரைப் பார்ப்பதுதான் நேர்வழி.

முயற்சியால் கெட்ட தூக்கத்துக்கு மட்டும்தான் இந்த முறை. சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சுத் திணறி எழுபவருக்கு, படுத்ததும் கால் குறுகுறுத்து அசைக்காமல் இருக்க முடியாதவருக்கு, வலியால் தூங்க முடியாதவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது, அவர்களுக்குத் தேவை மருத்துவர். விடிகாலை மூன்று மணிக்குத்தான் தூக்கம் வரும், அப்புறம் விட்டால் பதினோரு மணிவரை நன்றாகத் தூங்குவேன் என்பவருக்கு உடம்புக் கடிகாரம் தள்ளிப்போயிருக்கலாம், அதற்கு வழி வேறு. மனநிலை மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருமுனையக் கோளாறு இருப்பவர்கள் தூக்கத்தில் எந்தப் பரிசோதனையையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது, தூக்கம் குறைவது அவர்களுக்குப் பித்து நிலையைத் தூண்டிவிடக் கூடும். ராத்திரி சரியாகத் தூங்காத நாளில், கண்ணை வலுக்கட்டாயமாகத் திறந்து வைத்துக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள், அன்றைக்கு ஓட்டுவதையே தவிருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஆறாவது வாரம் ஒரு முக்கியமான தணிக்கை. முந்தின ராத்திரி பழைய கணக்கு திரும்பி வந்தது, இப்போது தூங்கினால் ஐந்து மணி நேரம், இப்போது தூங்கினால் நாலரை. கடிகாரம் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் இருந்தது, அவர் மனசுக்குள்ளேயே மணி பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அதைக் கவனித்து, கண்ணைத் திறந்து, ஜன்னல் ஓரத்து வெளிச்சக் கோட்டைத் தேடினார். எப்போது தூங்கினார் என்று அவருக்குத் தெரியாது. மூன்று மணி நேரமா நாலு மணி நேரமா, காலையில் கொட்டாவியோடு கிளம்பிப் போய்த் தணிக்கையை முடித்துக்கொடுத்தார், அன்று ராத்திரி படுக்கப் போகும்போது முந்தின ராத்திரி ஞாபகத்துக்கு வரவில்லை.